இருபது மெசினுக்கு நாற்பத்து நான்கு பேர்: காத்திருப்புப் பட்டியலையும் விலகல் விதியையும் நியாயமாக நடத்துவது எப்படி

ஹட்டனில் நாங்கள் நடத்தும் இரண்டு நாள் பிளவுஸ் தையல் பயிற்சியில் இருபது மெசின் இருக்கிறது. கூட்டமோ சொற்பொழிவோ என்றால் நெருக்கி உட்காரலாம், இரண்டு பிளாஸ்டிக் கதிரையைக் கூடுதலாகப் போடலாம். தையலில் அது நடக்காது. ஒரு மெசினில் இரண்டு பேர் மாறி மாறித் தைத்தால் இரண்டு பேருமே கழுத்து வளைவைக் கற்காமல் வீட்டுக்குப் போவார்கள். ஆகவே எத்தனை பேர் கேட்டாலும் இருபதுதான்.

முதல் முறை வட்ஸ்அப்பில் பதிவு லிங்கை அனுப்பி, முந்தியவருக்கே இடம் என்று அறிவித்தோம். ஒரு மணி நேரத்துக்குள் நிறைந்துவிட்டது. பார்த்தால் வந்தவர்களில் பெரும்பாலோர் டவுனில் இருப்பவர்கள். அந்த நேரத்தில் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் மாலையில் லயத்துக்கு வந்து போனைப் பார்த்தபோது லிங்க் மூடியிருந்தது. பயிற்சி நாளில் நான்கு மெசின் ஆளில்லாமல் கிடந்தது. வராதவர்களில் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பொகவந்தலாவையிலிருந்து ஓர் அக்கா மூன்று முறை கேட்டு, இடமில்லை என்று நாங்கள் சொன்ன பதிலோடு வீட்டில் இருந்தார். அந்த நான்கு மெசினைப் பார்த்த பிறகுதான் விதியை உட்கார்ந்து எழுதினோம்.

அப்போது புரிந்தது இதுதான்: காத்திருப்புப் பட்டியலையும் பணம் திருப்பும் விதியையும் தனித்தனியாக எழுதினால் இரண்டுமே வேலை செய்யாது. ஒருவர் விலகினால், அடுத்தவர் லீவு கேட்டு, பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு, பஸ் ஏறி வர எத்தனை நாள் வேண்டும்? முதலில் அதைக் கணக்கிட வேண்டும். விலகுவதற்கான கடைசித் திகதி அந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். இந்த முறையில் நடத்திய ஒரு பயிற்சியைத் திகதி வாரியாகச் சொல்கிறேன். பயிற்சி பெப்ரவரி 21, 22, சனியும் ஞாயிறும். கட்டணம் 2,500 ரூபா, துணியும் நூலும் அதிலேயே அடக்கம்.

முதல் படி: திகதிகளைப் பின்னிருந்து முன்னாக எண்ணுங்கள்

பயிற்சி நாளை ஒரு தாளின் அடியில் எழுதி, அங்கிருந்து மேலே போங்கள்.

சனிக்கிழமை தோட்டத்தில் வேலை நாள். புதிதாக இடம் கிடைத்தவர் லீவு சொல்வதற்கு ஒரு முழு நாளாவது வேண்டும். எனவே வியாழன் 19ஆம் திகதி இரவுக்குப் பிறகு தூரத்துத் தோட்டத்திலிருந்து புதியவரை அழைப்பதில் பயனில்லை. நாம் அழைக்கும் ஒருவருக்கு யோசிக்க 24 மணி நேரம் கொடுக்கிறோம். முதல் ஆள் முடியாது என்றால் இரண்டாவது ஆளுக்கும் 24 மணி நேரம். அதற்கு மேல் மூன்றாவது ஆளையும் கேட்க இடம் விட்டால் 19இலிருந்து மூன்று நாள் பின்னால் போக வேண்டும். அது 16ஆம் திகதி மாலை. முழுப் பணத்தையும் எந்தக் கேள்வியுமின்றித் திருப்பித் தரும் கடைசி நேரம் எங்களுக்கு இப்படித்தான் வந்தது. பலர் ‘ஒரு வாரத்துக்கு முன்’ என்று வழக்கமாகப் போட்டுவிடுகிறார்கள். ஏன் ஒரு வாரம் என்று பங்குபற்றுபவர் கேட்டால் பதில் இருக்காது. ‘உங்கள் இடத்துக்கு மூன்று பேரைக் கேட்க எங்களுக்கு மூன்று நாள் வேண்டும்’ என்றால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

பணம் கட்டும் கடைசி நாளுக்கு இன்னொரு கணக்கு. தோட்டச் சம்பளம் 10ஆம் திகதி. 7ஆம் திகதிக்குள் கட்டுங்கள் என்று போட்டால், வர விருப்பமிருந்தும் கையில் காசில்லாத பெண்கள் பட்டியலிலிருந்து விழுவார்கள். அது விலகல் ஆகாது, நாம் தள்ளிவிட்டதுதான். அதனால் 12ஆம் திகதி என்று வைத்தோம்.

பதிவை ஒரு மணி நேரத்தில் திறந்து மூடும் வேலையை விட்டுவிட்டு ஜனவரி 26 முதல் பெப்ரவரி 3 வரை திறந்து வைத்தோம். அந்த ஒன்பது நாளில் எப்போது எழுதினாலும் ஒரே மதிப்பு. 5ஆம் திகதி குலுக்கல்.

இரண்டாம் படி: பதிவில் ஆளை எண்ணுங்கள், போன் நம்பரை எண்ண வேண்டாம்

47 பதிவு வந்தது. அதில் மூன்று, ஒரே ஆள் இரண்டு முறை பதிந்தது: அம்மா தானும் எழுதியிருப்பார், சிக்னல் வரவில்லை என்று நினைத்து மகளும் அவருக்காக எழுதியிருப்பார். ஒரே போன் நம்பர் இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்கிவிடலாம் என்று முதலில் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். லயத்தில் ஒரு நம்பரை அண்ணி, நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா என்று பலரும் கொடுப்பார்கள். முழுப் பெயர், தோட்டம், டிவிசன் மூன்றும் சேர்ந்து ஒத்திருந்தால் மட்டும் கூப்பிட்டுக் கேட்டு ஒன்றாக்குங்கள். எங்களுக்கு ஒரே பெயரில், ஒரே தோட்டத்தில், வேறு வேறு டிவிசனில் இரண்டு பேர் இருந்தார்கள். கேட்காமல் நீக்கியிருந்தால் ஒருவர் காணாமல் போயிருப்பார்.

பதிவுப் படிவத்தில் இரண்டு கேள்வியைக் கட்டாயம் சேருங்கள். ஒன்று: உங்களோடு சேர்ந்துதான் வர முடியும் என்று யாராவது உண்டா? தூரத்திலிருந்து வரும் பெண்கள் பலர் துணையில்லாமல் அனுப்பப்படுவதில்லை. மற்றொன்று: பயிற்சி அன்று காலை எட்டரைக்குக் கூப்பிட்டால் ஒன்பதே முக்காலுக்குள் வந்துசேர முடியுமா? இரண்டாவது கேள்வியின் பயன் கடைசியில் தெரியும்.

பதிந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்து உடனே அனுப்புங்கள். பின்னர் எந்தப் பட்டியலைக் குழுவில் போட்டாலும் இலக்கத்தை மட்டும் போடலாம். பெண்களின் பெயரும் போன் நம்பரும் நூறு பேர் உள்ள வட்ஸ்அப் குழுவில் சுற்றுவது நல்லதல்ல.

மூன்றாம் படி: குலுக்கல், அதுவும் கண் முன்னால்

கணினியில் ஒரு நொடியில் வரிசையைக் கலைத்துவிடலாம். ஆனால் திரையில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் ‘அவங்க ஆளுக்குக் கொடுத்துட்டாங்க’ என்ற பேச்சு மறுநாளே கிளம்பும். நாங்கள் இலக்கங்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு, பதிந்தவர்களில் வர முடிந்த ஏழெட்டுப் பேர் முன்னிலையில் ஒரு சிறு பிள்ளையை எடுக்கச் சொன்னோம். முழுவதையும் போனில் படம் பிடித்தோம். முதல் இருபதோடு நிறுத்தாமல் கடைசிச் சீட்டு வரை எடுக்க வேண்டும். காத்திருப்பு வரிசையும் அதே குலுக்கலில்தான் பிறக்கிறது. பிறகு ‘யாருக்கு அடுத்த இடம்’ என்று யாரும் முடிவு செய்யத் தேவையில்லை.

சேர்ந்து வருபவர்களுக்கு ஒரே சீட்டு. எங்களிடம் மூன்று சோடி இருந்தது. சிக்கல் எங்கே வரும் என்றால், 19 பேர் நிறைந்து ஓர் இடம் மட்டும் மீதியிருக்கும்போது சோடிச் சீட்டு வருவது. எங்களுக்கு அப்படியேதான் வந்தது. மஸ்கெலியாவிலிருந்து இரண்டு சகோதரிகள். முன்பே எழுதி வைத்த விதி: ஒருவர் மட்டும் வர இயலுமா என்று கேட்பது. இயலாது என்றால் அந்தச் சோடி காத்திருப்பில் முதலிடத்தில் நிற்கும், இருபதாவது இடம் அடுத்த தனி ஆளுக்குப் போகும். அவர்கள் இயலாது என்றார்கள். 44 பேரில் 20 பேருக்கு இடம், 24 பேர் காத்திருப்பில், முதல் இருவர் அந்தச் சகோதரிகள்.

இந்த இடத்தில் சிபாரிசு வரும். கட்டாயம் வரும். ‘நம்ம பிள்ளை ஒண்ணு இருக்கு, பார்த்துச் செய்யுங்க’ என்று தோட்டத்து ஆட்களோ, துணிக்குப் பணம் தந்தவரோ கூப்பிடுவார். பணம் தந்தவருக்கு இரண்டு இடம் தருவது உங்கள் முடிவானால் அதைப் பதிவு திறக்கும்போதே, ‘18 இடம் குலுக்கலுக்கு, 2 இடம் உதவியவர்கள் அனுப்புபவர்களுக்கு’ என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அது தவறில்லை. குலுக்கலுக்குப் பிறகு ஒரே ஒருவரை நடுவில் நுழைப்பதுதான் தவறு. 24 பேரும் அதன் பிறகு உங்கள் பட்டியலை நம்ப மாட்டார்கள்.

நான்காம் படி: காத்திருப்பவருக்கு உண்மையைச் சொல்லுங்கள்

குலுக்கல் முடிந்த இரவே 44 பேருக்கும் செய்தி போக வேண்டும். காத்திருப்பவருக்கு ‘இடம் கிடைத்தால் அறிவிப்போம்’ என்று மட்டும் எழுதினால் மூன்றாவது இடத்தில் இருப்பவரும் இருபத்து மூன்றாவது இடத்தில் இருப்பவரும் ஒரே நம்பிக்கையோடு சனிக்கிழமைக்குத் திட்டம் போடாமல் இருப்பார்கள். எங்கள் செய்தி இப்படி இருந்தது:

‘உங்கள் இலக்கம் 31. காத்திருப்பில் 18ஆவது இடம். சென்ற முறை நான்கு இடம்தான் காலியானது. ஆகவே இம்முறை உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. அந்த நாளில் வேறு வேலை இருந்தால் அதைப் பாருங்கள். அடுத்த பயிற்சிக்கு உங்கள் பெயர் எங்களிடம் இருக்கும். இப்போது பணம் எதுவும் கட்ட வேண்டாம்.’

கடைசி வரி முக்கியம். காத்திருப்பவரிடம் முற்பணம் வாங்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கிடைக்காத இடத்துக்கு 24 பேரின் காசை இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்து வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஐந்தாம் படி: அழைப்பு

விதி சரியாக இருந்தும் காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, எடுக்கவில்லை என்று அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் அவர் மலையில் இருப்பார், போன் வீட்டில் இருக்கும். மாலை நிறுவை முடிந்து, வீட்டு வேலை தொடங்கி, ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில்தான் பேச முடியும். 24 மணி நேரம் என்ற கணக்கும் அந்த மாலையிலிருந்து ஓடட்டும், மறுநாள் இரவு ஏழு மணிக்கு முடியட்டும். அப்படியென்றால் வீட்டில் பேசவும் வேலையிடத்தில் லீவு கேட்கவும் அவருக்கு ஒரு பகல் கிடைக்கும்.

எங்கள் பெண் ஒருவர் பேசுவதை அப்படியே தருகிறேன்: ‘அக்கா, தையல் பயிற்சிக்கு எழுதியிருந்தீங்கதானே? இப்ப ஒரு இடம் வந்திருக்கு. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வரணும். வீட்ல கேட்டுட்டு நாளைக்கு ராத்திரி ஏழு மணிக்குள்ள வாரீங்களா இல்லையான்னு சொல்லுங்க. முடியலன்னாலும் பரவாயில்ல, ஒரு வார்த்தை சொல்லிருங்க, அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம்.’

எடுக்காவிட்டால் அதே மாலையில் இடைவெளி விட்டு மூன்று முறை, கூடவே ஒரு சாதாரண எஸ்எம்எஸ். டேட்டா இல்லாத போனில் வட்ஸ்அப் செய்தி இரண்டு நாள் கழித்துத்தான் இறங்கும். ஏழு மணி தாண்டினால் அந்த இடம் அடுத்தவருக்கு. ஆனால் தவறவிட்டவரை வரிசையின் கடைசிக்குத் தள்ளக் கூடாது. அவர் தன் இடத்திலேயே நிற்கட்டும், அடுத்து எது காலியானாலும் முதலில் அவருக்கே.

இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினால் போதும். கூகுள் ஷீட்டில் வைப்பதானால் ஒரு பிழையைக் கவனியுங்கள். உறுதி செய்தவர்களை மட்டும் எண்ணினால், பதிலுக்குக் காத்திருக்கும் இடமும் காலியாகவே தெரியும். பட்டியலைப் பார்க்கும் இன்னொருவர் அதே இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். நிலை என்ற நிரல் E இல் இருந்தால் மீதி இடம் இப்படி வர வேண்டும்:

```
=20-COUNTIF(E2:E60,"உறுதி")-COUNTIF(E2:E60,"அழைப்பு")
```

ஆறாம் படி: விலகல் விதி

பதிவுப் படிவத்தின் தலையில் இதைப் போட்டோம்:

‘16ஆம் திகதி மாலை 5 மணிக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்பும், காரணம் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு 19ஆம் திகதி இரவுக்குள் சொன்னால், உங்கள் இடத்துக்கு வேறொருவர் வந்தால் முழுப் பணமும் திரும்பும். வராவிட்டால் பணம் திரும்பாது, ஆனால் உங்கள் துணி, நூல் பொதியை எடுத்துக்கொள்ளலாம். மரண வீடு, நோய், மழை, மண்சரிவு என்றால் எந்த நாளிலும் பணம் திரும்பும். உங்கள் இடத்தை நீங்களே வேறொருவருக்கு மாற்ற முடியாது.’

நடுவில் உள்ள விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பலர் இந்தக் கட்டத்தில் பாதிப் பணம் என்று வைப்பார்கள். ஆனால் இடம் நிரம்பிவிட்டால் நமக்கு ஒரு சதமும் நட்டமில்லை. அப்போது பாதியைப் பிடித்துக்கொள்வது ஒரே மெசினுக்கு ஒன்றரைக் கட்டணம் வாங்குவதாகும். இன்னொரு நன்மையும் உண்டு. பணம் எப்படியும் போய்விட்டது என்று தெரிந்தவர் சொல்லாமலே இருந்துவிடுவார். இடம் நிரம்பினால் பணம் வரும் என்று தெரிந்தவர் சீக்கிரம் சொல்வார்.

மரணத்துக்குச் சான்றிதழ் கேட்காதீர்கள். லயத்தில் ஒரு மரணம் என்றால் உறவில்லாதவர்களும் வீட்டில்தான் நிற்பார்கள், அந்தச் சான்றிதழ் அவர்களிடம் இருக்காது. வாய்ச்சொல்லை நம்பியதால் எங்களுக்கு இதுவரை நட்டம் வந்ததில்லை.

இடத்தைச் சொந்தமாக மாற்றக் கூடாது என்பதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. ‘என் தங்கச்சி வருவாளே, உங்களுக்கு என்ன?’ என்பார்கள். காத்திருப்பில் 24 பேர் இருக்கும்போது ஒருவர் தன் தங்கையை அனுப்பினால் 24 பேரையும் தாண்டி ஒருவர் நுழைகிறார். காத்திருப்பில் யாருமே இல்லாவிட்டால் தாராளமாக அனுப்பட்டும்.

மழை பற்றிய வரியைப் பொதுவாக விடக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது: முதல் நிலை மஞ்சள், இரண்டாவது செம்மஞ்சள், மூன்றாவது சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டிய நிலை. பயிற்சி நடக்கும் பிரிவுக்குச் சிவப்பு வந்தால் நாங்களே தள்ளிவைப்போம், எல்லோருடைய இடமும் வரிசையும் அப்படியே புதிய திகதிக்குப் போகும். அந்தத் திகதி ஒத்துவராதவருக்கு முழுப் பணம். பங்குபற்றுபவரின் பிரிவுக்கு மட்டும் இரண்டாம், மூன்றாம் நிலை வந்தால் அவர் வராமல் இருக்கலாம், பணம் திரும்பும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, மழையில் கிளம்பி வாருங்கள் என்று யாரையும் கட்டாயப்படுத்த எங்களுக்கு மனமில்லை.

திருப்பித் தர வேண்டுமானால் பணம் கையில் இருக்க வேண்டும். சொல்லவே தேவையில்லாத விடயம் போலத் தோன்றும், ஆனால் பணம் திரும்பாத சண்டைகளில் பலவற்றுக்கு இதுதான் வேர். வந்த கட்டணத்தில் அன்றே துணி வாங்கிவிடுவார்கள், பிறகு விலகுபவருக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. நாங்கள் 19ஆம் திகதி வரை அந்தப் பணத்தைத் தொடவில்லை, 20ஆம் திகதி துணி வாங்கினோம். திருப்பும் பணம் மூன்று நாளுக்குள், வந்த வழியிலேயே போக வேண்டும். வங்கிக் கட்டணம் நம்முடையது.

ஏழாம் படி: நடந்ததைப் பார்ப்போம்

12ஆம் திகதி இரவு 16 பேர் பணம் கட்டியிருந்தார்கள். மீதி நான்கு பேரையும் கூப்பிட்டோம். இருவர் கட்டிவிட்டு ரசீதை அனுப்ப மறந்திருந்தார்கள். இருவர் வரவில்லை என்றார்கள். இரண்டு இடம் ஒன்றாகக் காலியானதால் மஸ்கெலியாச் சகோதரிகளுக்கு அழைப்பு, அடுத்த நாள் மாலை சம்மதம்.

16ஆம் திகதி மதியம் ஒருவர் விலகினார், முழுப் பணம் திரும்பியது. அன்று மாலை காத்திருப்பில் அடுத்தவரை மூன்று முறை அழைத்தோம், போன் அணைந்திருந்தது. 17ஆம் திகதி ஏழு மணி தாண்டியதும் அதற்கடுத்தவரை அழைத்தோம், அவர் உடனே சரி என்றார். மறுநாள் காலை முன்னவர் பதறிக் கூப்பிட்டார்: பதுளையில் கல்யாண வீட்டில் இருந்தாராம். இடம் போய்விட்டது, ஆனாலும் அடுத்தது உங்களுக்கே என்றோம். அன்று மாலையே ஒருவர், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொல்லி விலகினார். பதுளைக்குப் போன அக்காவுக்கு அந்த இடம். இவ்வளவு தாமதமாகச் சேர்பவரை வங்கிக்கு ஓடச் சொல்லவில்லை, காலையில் காசாகக் கொண்டுவரச் சொன்னோம்.

சனி காலை எட்டரைக்கு ஒருவரிடமிருந்து தகவலே இல்லை, போனும் எடுக்கவில்லை. காலையில் வர முடியும் என்று படிவத்தில் எழுதியிருந்தவர்களை வரிசைப்படி அழைத்து, டிக்கோயாவிலிருந்து ஒருவரைத் தயாராக வரச் சொன்னோம். வந்தும் இடம் கிடைக்காமல் போகலாம், அப்படியானால் பஸ் காசு தருவோம் என்று முன்னரே சொல்லிவிட்டோம். பயிற்சி ஒன்பதுக்குத் தொடங்கும், மெசினை 9.45 வரை வைத்திருப்போம். பஸ் பிந்துகிறது என்று ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தாலே இடம் நிற்கும். இவரிடமிருந்து அதுவும் வரவில்லை. 9.45க்கு டிக்கோயாப் பெண் மெசினில் உட்கார்ந்தார். இருபது மெசினும் ஓடியது.

எட்டாம் படி: மீந்தவர்கள்

காத்திருப்பில் 24 பேரில் ஐந்து பேர் உள்ளே வந்தார்கள், 19 பேர் மீதி. ஞாயிறு இரவே அவர்களுக்குச் செய்தி அனுப்பினோம். அடுத்த பயிற்சியின் 20 இடத்தில் 10 இடம் இந்த 19 பேரில் வரிசைப்படி முதல் பத்துப் பேருக்கு. மீதி ஒன்பது பேர் புதியவர்களோடு குலுக்கலுக்குப் போவார்கள். எல்லா இடத்தையும் பழைய பட்டியலுக்கே கொடுத்தால் புதிதாகக் கேள்விப்பட்டவருக்குக் கதவே திறக்காது என்பதால் பாதியோடு நிறுத்தினோம். சொல்லாமல் வராதவரைத் தடை செய்யவில்லை. அவர் அடுத்த முறை பதியலாம், குலுக்கலில் அவர் சீட்டு கடைசியாக எடுக்கப்படும். அடுத்த வாரம் அவர் கூப்பிட்டார். பிள்ளைக்கு இரவெல்லாம் காய்ச்சலாம், போனில் காசில்லையாம். நோய் என்றால் பணம் திரும்பும் என்று எழுதியிருந்தோம், 2,500 ரூபாவையும் திருப்பினோம், சீட்டு பற்றிய விதியையும் அவருக்கு நீக்கினோம். அடுத்த படிவத்தில் ஒரு வரி கூட்டியிருக்கிறோம்: ‘காசில்லாவிட்டால் மிஸ்ட் கோல் மட்டும் கொடுங்கள், நாங்கள் திருப்பி எடுப்போம்.’